மூன்றாவது முறை கேட்கிறீர்கள் என்றது கம்ப்யூட்டர்: என் எல்.டி.ஏ. கணக்கு

2026 ஜனவரி முதல் வாரம். வருமான வரிக்கான ஆதாரங்களைக் கொடுக்க எங்கள் கம்பெனியில் பத்தாம் தேதிவரைதான் நேரம். டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு ஹம்பி போய் வந்த ரயில் டிக்கெட்டுகளை, கம்பெனி தரும் விடுமுறைப் பயணப் படியான எல்.டி.ஏ.வுக்குரிய பக்கத்தில் ஏற்றினேன். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது: 2022-25 தொகுதியில் உங்கள் இரண்டு பயணங்களும் முடிந்துவிட்டன.

எனக்குக் கோபம் வந்தது. அந்த நான்கு வருடத்தில் நான் பெரிதாகப் போனது 2024 மே மாதம் மணாலிக்கு மட்டும்தான். இன்னொன்று எங்கிருந்து வந்தது? எச்.ஆர். பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சார், 2022 ஜூன்ல மைசூர் போயிருக்கீங்க. அது ஒண்ணு. மணாலி ரெண்டு. இது மூணாவதுங்க சார்."

மைசூர் போனது உண்மைதான். ஆனால் அது 2022-25 கணக்கில் சேரக் கூடாத பயணம். இதை அவருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. விதி கடினம் என்பதால் இல்லை. மூன்றரை வருடம் முன்பு படிவத்தில் ஒரு கட்டத்தை நான் டிக் செய்யாமல் விட்டிருந்தேன்.

கணக்கு இதுதான். விடுமுறைப் பயணச் சலுகைக்கான வரிவிலக்குக்கு, 2026 மார்ச் வரையிலான கணக்கில் வருமான வரிச் சட்டம் 1961-இன் 10(5) பிரிவும், அதற்கான விதி 2பி-யும்தான் பொருந்தும். நான்கு காலண்டர் வருடங்கள் சேர்ந்தால் ஒரு தொகுதி. ஒரு தொகுதியில் இரண்டு பயணங்களுக்கு விலக்கு. தொகுதி எது என்பதை நாம் தீர்மானிக்க முடியாது, நாம் வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்தும் அது தொடங்காது. 2018-21, 2022-25, 2026-29 என எல்லோருக்கும் ஒன்றேதான். இங்கே கவனிக்க வேண்டியது, சம்பளமும் வரியும் ஏப்ரல் முதல் மார்ச் வரை. தொகுதியோ ஜனவரி முதல் டிசம்பர் வரை. 2022 பிப்ரவரியில் ஒருவர் பயணம் போயிருந்தால் வரிக் கணக்கில் அது 2021-22 நிதியாண்டு, பயணக் கணக்கில் 2022-25 தொகுதி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவு உட்பட.

ஒரு தொகுதியில் பயணத்தைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டால் ஒன்றை மட்டும் அடுத்த தொகுதிக்குக் கொண்டுபோகலாம். இரண்டும் மிச்சம் இருந்தாலும் ஒன்றுதான். அந்தப் பயணத்தை அடுத்த தொகுதியின் முதல் காலண்டர் வருடத்துக்குள் முடித்துவிட வேண்டும். அப்படிப் போனால், புதிய தொகுதியின் இரண்டில் அது ஒன்றாக எண்ணப்படாது.

2018 முதல் 2021 வரை நான் எங்கும் போய் எல்.டி.ஏ. கேட்கவில்லை. முதல் இரண்டு வருடம் கைக்குழந்தை, அடுத்த இரண்டு வருடம் கொரோனா. ஆகவே 2022 ஜூனில் மைசூர் போனது பழைய தொகுதியிலிருந்து கொண்டுவந்த பயணம். அன்று படிவத்தில் 'எந்தத் தொகுதி' என்ற இடத்தில் தானாகவே 2022-25 என்று வந்து நின்றது. பக்கத்தில் 'முந்தைய தொகுதியிலிருந்து' என்று ஒரு சின்னக் கட்டமும் இருந்தது. அவசரத்தில் அதைத் தொடாமல் அனுப்பிவிட்டேன். பணம் வந்தது, நானும் மறந்துவிட்டேன்.

"கேரி ஓவர்னு சொல்றீங்க, சரி. 2018-லேர்ந்து 21 வரைக்கும் நீங்க எதுவும் எடுக்கலைன்னு எப்படிங்க சார் தெரியும்? நீங்க எங்ககிட்ட சேர்ந்ததே 2019-லதானே?" என்றார்.

நியாயமான கேள்வி. விடை என் ஃபார்ம் 16-களில் இருந்தது. 2018-19 நிதியாண்டிலிருந்து வரும் ஃபார்ம் 16-இன் பி பகுதியில், 10ஆம் பிரிவு விலக்குகள் தனித்தனி வரியாக அச்சாகின்றன. அதில் முதல் வரியே 10(5). பழைய கம்பெனி கொடுத்ததிலும் இந்தக் கம்பெனி கொடுத்ததிலும் அந்த இடத்தில் பூஜ்யம். நான்கு வருடத்து ஃபார்ம் 16-களையும், 2018-இன் முதல் மூன்று மாதத்துக்குப் பழைய கம்பெனி சம்பளச் சீட்டுகளையும் (அந்தச் சம்பளத்தில் எல்.டி.ஏ. என்ற பகுதியே கிடையாது) ஒரே பிடிஎஃப்-ஆக்கி அனுப்பினேன். கூடவே, அந்தத் தொகுதியில் எந்த முதலாளியிடமும் சலுகை பெறவில்லை என்று கையெழுத்திட்ட ஒரு பக்க உறுதிமொழி. மூன்றாம் நாள் மைசூர் பயணம் 2018-21 என்ற தலைப்புக்கு மாறியது.

வேலை மாறுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தொகுதிக் கணக்கு நம் தலையோடு வருகிறது, கம்பெனியோடு போவதில்லை. புதிய இடத்தில் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குவதாக கம்ப்யூட்டர் காட்டும். பழைய இடத்தில் ஒன்று எடுத்திருந்தால் அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

இனி மணாலிக் கதை. ஆதாரம் விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அதில்தான்.

2024 மே. கோவையிலிருந்து டெல்லிக்கு விமானம், அங்கிருந்து வேனில் மணாலி. நான், மனைவி, மகள், மகன், என் அம்மா, என் மாமியார் என்று ஆறு பேர். ஒரு சுற்றுலா ஏஜென்ட்டிடம் மொத்தமாகப் பேசி 1,68,000 ரூபாய் கொடுத்தேன். எனக்கு மாதம் 5,000 வீதம் வருடத்துக்கு 60,000 எல்.டி.ஏ. இவ்வளவு பெரிய பில் இருக்கும்போது 60,000 தாராளமாகக் கிடைத்துவிடும் என்ற தெம்பில் ஏஜென்ட் கொடுத்த ஒற்றை ரசீதை ஏற்றினேன். 'மணாலி பேக்கேஜ், 6 பேர், 1,68,000' என்று ஒரே வரி. அடுத்த நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஒரு ரூபாய்கூட ஏற்காமல்.

காரணம், விலக்கு டிக்கெட் செலவுக்கு மட்டும்தான். தங்கிய அறை, சாப்பாடு, பனிச்சறுக்கு, ஊர் சுற்றிப் பார்த்த வண்டி எதற்கும் கிடையாது. ஒற்றை ரசீதில் எது டிக்கெட், எது பரோட்டா என்று அவர்களால் பிரிக்க முடியாது. ஏஜென்ட்டைத் துரத்திப் பிடித்து பிரித்து எழுதிய பில் வாங்கினேன்: விமானம் 67,200, வேன் 36,000, தங்கலும் சாப்பாடும் 64,800.

பிறகு ஒவ்வொன்றாகக் கழிந்தது. முதலில் மாமியார். 10(5)-இல் குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள். அதன் பிறகு, நம்மை முழுவதுமாகவோ பெரும்பாலுமோ நம்பியிருக்கும் நம் பெற்றோர், உடன்பிறந்தவர்கள். மனைவியின் அம்மா அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் இதைச் சொன்ன அன்று எனக்கு ராத்திரி தோசை கொஞ்சம் கருகலாகத்தான் வந்தது. என் அம்மாவுக்குத் தனி வருமானம் இல்லை, எங்களோடுதான் இருக்கிறார் என்று உறுதிமொழி கொடுத்ததும் அவரை ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளைகள் விஷயத்தில், 1998 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களில் இரண்டு பேருக்கு மேல் கிடையாது. ஆனால் முதல் குழந்தைக்குப் பிறகு இரட்டைக் குழந்தை பிறந்தால் அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. என் பக்கத்து மேசைக்காரருக்கு அப்படி மூன்று, மூவருக்கும் வாங்கினார்.

ஆறு பேரும் ஒரே பிஎன்ஆர் என்பதால் மாமியார் பங்கைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆளுக்கு 11,200. அதிலும் 800 ரூபாய் ஜன்னல் சீட்டுக்கும் சாண்ட்விச்சுக்கும் போயிருந்தது. அதைத் தள்ளி டிக்கெட்டும் வரியும் 10,400 என்று எடுத்துக்கொண்டார்கள். ஐந்து பேருக்கு 52,000.

விமானத்துக்கு உச்சவரம்பு, மிகக் குறுகிய வழியில் தேசிய விமான நிறுவனத்தின் எகானமி கட்டணம் என்கிறது விதி. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவுக்குப் போய்விட்டது. விதியில் மட்டும் தேசிய நிறுவனம் அப்படியே இருந்தது. எங்கள் அக்கவுண்ட்ஸ்காரர்கள் டிக்கெட் எகானமிதானா, நேர் வழிதானா என்று மட்டும் பார்த்தார்கள். ரயிலில் போனால் உச்சவரம்பு ஏ.சி. முதல் வகுப்புக் கட்டணம். ஆனால் இது வரம்புதான், மூன்றாம் ஏ.சி.யில் போய்விட்டு முதல் வகுப்புக் கட்டணத்தைக் கேட்க முடியாது. உண்மையில் செலவழித்தது, விதியின் வரம்பு, கம்பெனி கொடுத்த எல்.டி.ஏ. - மூன்றில் எது குறைவோ அது.

வேன்தான் சிக்கல். மணாலிக்கு ரயில் இல்லை. ரயில் இல்லாத ஊருக்கு அங்கீகரிக்கப்பட்ட பொதுப் பேருந்து இருந்தால், அதன் முதல் வகுப்பு அல்லது டீலக்ஸ் கட்டணம்வரை ஏற்பார்கள். அரசு வால்வோ பஸ்ஸுக்கு ஆளுக்கு ஒரு வழிக்கு 1,500 என்று வைத்தால் ஐந்து பேருக்குப் போக வர 15,000. விமானத்தோடு சேர்த்தால் 67,000. என் 60,000 முழுவதும் தேறியிருக்கும். ஆனால் ஏஜென்ட்டின் பில்லில் 'ஆறு நாள் வண்டி வாடகை 36,000' என்றுதான் இருந்தது. டெல்லியிலிருந்து மணாலிக்கு எவ்வளவு, அங்கே சுற்றியதற்கு எவ்வளவு என்று இல்லை. வண்டி எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. திருத்திக் கேட்டபோது ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. பணம் முழுவதும் கொடுத்து முடித்தவனின் போனை யார் எடுப்பார்கள்? கடைசித் தவணை கொடுக்கும் முன்பே பில்லை வாங்கியிருக்க வேண்டும்.

ஆக விலக்கு கிடைத்தது 52,000. நான் இருந்தது 20 சதவீத வரி அடுக்கில். 4 சதவீத செஸ்ஸோடு 20.8. மிச்சமான வரி 10,816 ரூபாய். வேன் பில் சரியில்லாததால் இழந்தது 8,000-க்கான வரி, 1,664 ரூபாய். உயிர் போகும் தொகை இல்லை. ஆனாலும் உறுத்தியது.

அதோடு முடியவில்லை. விடுப்பு. மே 11 சனிக்கிழமை கிளம்பினோம். திங்களும் செவ்வாயும் டெல்லியில் சித்தப்பா மகன் வீட்டில் இருந்து லேப்டாப்பில் வேலை பார்த்தேன். விடுப்பு போட்டது புதன் முதல் வெள்ளிவரைதான். லீவை மிச்சப்படுத்திய கெட்டிக்காரத்தனம். "நீங்க 13, 14 ரெண்டு நாளும் டூட்டியில இருந்திருக்கீங்க. 11-ம் தேதி ஃப்ளைட் லீவு பயணம் எப்படிங்க சார் ஆகும்?" என்று கேட்டார்கள். பதில் இல்லை. சலுகையின் பெயரிலேயே விடுப்பு இருக்கிறது. சட்டமும் ஊழியர் விடுப்பில் போகும் பயணம் என்றுதான் சொல்கிறது. இத்தனை நாள் என்று சட்டத்தில் இல்லை, கம்பெனிகள் தாங்களாக ஒரு எண்ணிக்கை வைத்திருக்கும். மேனேஜரிடம் சொல்லி அந்த இரண்டு நாளையும் பின்தேதியிட்டு விடுப்பாக மாற்றினேன். அவர் நல்லவர். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. நாம் வேலையில் இருக்க, குடும்பத்தை மட்டும் அனுப்பிவிட்டு டிக்கெட் கேட்பதும் நடக்காது.

கடைசியாக போர்டிங் பாஸ். டிக்கெட் வாங்கியதற்கு டிக்கெட் சாட்சி, விமானத்தில் ஏறியதற்கு போர்டிங் பாஸ்தான் சாட்சி. டிக்கெட்டை வாங்கி ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெற்றுவிட்டு விலக்கு கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கெடுபிடி. எங்களுடையது எல்லாம் போனில் இருந்தது. பயணம் முடிந்த சில நாளில் ஆப்பிலிருந்து மறைந்துவிட்டது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருந்ததால் நான்கு பேருடையது தப்பியது. அம்மாவுடைய காகிதச் சீட்டு, திரும்பி வரும்போது அவர் வெற்றிலையை மடித்து வைத்த காகிதங்களோடு போய்விட்டது. விமான நிறுவனத்துக்கு பிஎன்ஆரும் பெயரும் குறிப்பிட்டு எழுதி, இந்தத் தேதியில் இந்த விமானத்தில் பயணித்தார் என்ற சான்றை வாங்கினேன். நான்கு நாளில் மின்னஞ்சலில் வந்தது. இப்போது விமானம் தரையிறங்கி, பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரத்திலேயே எல்லோருடைய பாஸையும் பிடிஎஃப்-ஆக எனக்கே மின்னஞ்சல் செய்துவிடுகிறேன்.

ஒரு நண்பர் அப்போது, "பில்லே கொடுக்க வேண்டாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சே, எதுக்கு இந்த அலைச்சல்?" என்றார். 2009-இல் வந்த தீர்ப்பைச் சொன்னார். ஊழியர் சலுகையை உண்மையில் பயன்படுத்தினாரா என்று ஆதாரம் வாங்கி வைக்கும் சட்டக் கடமை முதலாளிக்கு இல்லை என்று அதில் சொன்னது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு விதி மாறிவிட்டது. 2016 ஜூன் 1 முதல் 12பிபி படிவத்தில் எல்.டி.ஏ. தொகையை எழுதி, செலவுக்கான ஆதாரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று வந்துவிட்டது. இன்னொரு தீர்ப்பு 2022 நவம்பரில் வந்தது. பாரத ஸ்டேட் வங்கி ஊழியர் ஒருவர் டெல்லியிலிருந்து மதுரை, அங்கிருந்து கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் சுற்றி டெல்லி திரும்பி, டெல்லி-மதுரைக்கான கட்டணத்தைத்தானே கேட்கிறேன் என்ற வாதம். இந்தியாவுக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு, குறுகிய வழியில் போவதற்குத்தான் சலுகை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரி பிடிக்காமல் விட்ட பொறுப்பு வங்கியின் மேல் விழுந்தது. அதன் பிறகு எங்கள் எச்.ஆர். போன்றவர்கள் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் வியப்பில்லை.

இதெல்லாம் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறையில் 10(5) விலக்கே கிடையாது. 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பாக வரும்; பழையது வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக் கடன் இருப்பதால் நான் பழையதில் நிற்கிறேன். எல்.டி.ஏ.வுக்காக மட்டும் யாரும் பழைய முறைக்குப் போவதில் அர்த்தமில்லை.

இப்போது ஹம்பி. கோவையிலிருந்து பெங்களூரு, அங்கிருந்து ஹொசப்பேட்டை, இரண்டு வழியும் ரயில், நான்கு பேர். மொத்தக் கட்டணம் 9,800. மைசூர்க் கணக்கு திருத்தப்பட்டதும், சிவப்பு வரி போய் பச்சையில் 'ஒரு பயணம் மீதம்' என்று வந்தது. எல்லாம் கச்சிதமாக இருந்தது: டிக்கெட் நால்வர் பெயரில், விடுப்பு கிளம்பிய நாளிலிருந்து திரும்பிய நாள்வரை, தனித்தனி பில். வெற்றிக் களிப்பில் மனைவியிடம் காட்டினேன்.

அவள் ஒரே கேள்வி கேட்டாள். "இதுக்கு எவ்வளவு மிச்சமாகும்?"

கணக்குப் போட்டேன். 9,800-க்கு 20.8 சதவீதம். 2,038 ரூபாய்.

"மே மாசம் அந்தமான் போறோம்ல? ஃப்ளைட்டுக்கே அம்பதாயிரத்துக்கு மேல ஆகும்னு நீங்கதான சொன்னீங்க. இந்த ஒண்ண எடுத்துக்காம விட்டா 2026-க்குப் போகும்தான?"

போகும். 2022-25-இல் ஒன்றுதான் எடுத்திருக்கிறோம். மீதி ஒன்றை 2026-க்குள் பயன்படுத்தலாம். 2026-29-க்கான இரண்டும் அப்படியே இருக்கும். ஹம்பியைக் கேட்டுவிட்டால் அந்தமான் புதிய தொகுதியின் இரண்டில் ஒன்றைத் தின்றுவிடும். அடுத்த நான்கு வருடத்தில் எங்கள் வீட்டில் மூன்று பெரிய பயணம் நடக்குமா என்பது வேறு கேள்வி. மகளுக்குப் பத்தாம் வகுப்பு வருகிறது. ஆனால் என் மாமனார் வீட்டுப் பக்கம் கல்யாணம் ஒன்று கொல்கத்தாவில் நிச்சயமாகியிருக்கிறது, அதனால் நடக்கக்கூடும் என்றே தோன்றியது.

மறுநாள் எச்.ஆர். பெண்ணிடம் போய், ஹம்பியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். மூன்று நாள் சண்டை போட்டு வாங்கியதை விட்டுக்கொடுக்கிறானே என்று ஒரு மாதிரி பார்த்தார்.

"மே மாசத்துக்கு அப்புறம் அந்தமான் டிக்கெட் போடுவேங்க. அப்ப அந்தக் கேரி ஓவர் கட்டத்தை நானே டிக் பண்ணிருவேன்" என்றேன்.

"பண்ணலைன்னா நான் பண்றேன் சார்," என்றார்.